ஃபிளாஷ் சேல்: குறுநேர விற்பனை

ஃபிளாஷ் என்றால் பளிச்சென்று தோன்றி மறையும் ஒளி. அதனால் நம்மில் பலர் இதை 'மின்னல் விற்பனை' என்று எழுதுகிறோம். 'திடீர் விற்பனை' என்பாரும் உண்டு. இரண்டாவது எனக்கு ஒப்பவில்லை. வாங்குபவருக்குத்தான் அது திடீர். விற்பவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும். நேரம் குறுகியது என்பதே இதன் இலக்கணம் என்பதால் 'குறுநேர விற்பனை' பொருத்தம். கிளியரன்ஸ் சேல் வேறு. அதில் கெடு முக்கியமில்லை, சரக்குத் தீர வேண்டும். அதை 'மீதிச் சரக்கு விற்பனை' என்று நேராகச் சொல்லிவிடலாம். 'இருப்புக் கழிவு' என்றால் இலங்கைத் தமிழருக்கு விலைக்குறைப்பு நினைவுக்கு வரும், மற்றவர்களுக்குக் குப்பை நினைவுக்கு வரும்.

இணையத்தில் இவை இரண்டும் ஒரே தளத்தில் சேர்ந்து நடந்ததும் உண்டு. 2001இல் பிரான்சில் தொடங்கிய வான்ட் ப்ரிவே என்ற தளம், பெயர்பெற்ற ஆடை நிறுவனங்களின் மீதிச் சரக்கை உறுப்பினர்களுக்கு மட்டும், சில நாள்களுக்கு மட்டும் விற்றது. உள்ளே நுழையாதவர் கண்ணில் அந்த விலை படாது. சரக்கும் தீர்ந்தது, கடையில் முழு விலை கொடுத்தவர் மனமும் நோகவில்லை. ஃபேஸ்புக் நேரலைக்கும் டிக்டாக்குக்கும் இந்த முறை வந்தபோது கெடு மட்டும் வந்தது, கதவு வரவில்லை. சென்ற வாரம் முழு விலைக்கு வாங்கியவரும் அதே நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிங்கப்பூரின் தேக்காவில் கடை வைத்து நேரலையிலும் விற்கும் ஒரு புடவை வியாபாரியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. விலை 109 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரி போக அவர் கையில் நிற்பது 100. கொள்முதலும் சரக்குக் கட்டணமும் 55, உறையும் விநியோகமும் 9. மிஞ்சுவது 36 வெள்ளி. இப்போது 30 விழுக்காடு குறைத்தால் வரி போக வருவது 70. செலவு அதே 64தான், மிஞ்சுவது 6. விலை மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, லாபமோ ஆறில் ஒன்றாகிவிட்டது. பழைய லாபத்தைத் தொட ஆறு மடங்கு புடவை விற்க வேண்டும். நேரலையில் ஆர்டர்கள் குவிவதைப் பார்க்கும்போது இந்த ஆறு மடங்கு யார் நினைவுக்கும் வருவதில்லை.

அதே புடவையின் விலையைத் தொடாமல், அன்று இரவு மட்டும் 8 வெள்ளி அடக்கமுள்ள ரவிக்கைத் துணியை உடன் கொடுத்தால் 28 வெள்ளி மிஞ்சும். புடவையின் விலை 109 என்பது வாடிக்கையாளர் மனத்தில் அப்படியே நிற்கும். ஆகவே தீபாவளிக்கு முன் குறுநேர விற்பனை வைப்பதானால் இப்படிக் கூடுதலாக ஒன்றைக் கொடுப்பது நல்லது. எத்தனை புடவை என்று எண்ணிக்கையும் முன்னரே அறிவித்துவிட வேண்டும்.

தீபாவளி முடிந்து தங்கிவிட்ட புடவைகளின் கணக்கு வேறு. அவற்றுக்குக் கொடுத்த 55 வெள்ளி போனது போனதுதான். இனி கேட்க வேண்டியது, இந்தப் புடவை அலமாரியில் கிடந்தால் நாளை என்ன விலை போகும் என்பதே. 50 வெள்ளிக்கும் விற்கலாம். ஆனால் பொதுப் பக்கத்தில் வேண்டாம். பழைய வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் பட்டியலுக்கு மட்டும், 'இந்த நிறத்தில் கடைசி இரண்டு' என்று காரணத்தோடு அனுப்புவது, அந்தப் பிரெஞ்சுத் தளத்தின் கதவைத் திரும்ப மாட்டுவதாகும்.

காரணம் உண்மையாக இருக்க வேண்டும், கெடுவும் அப்படியே. சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் நியாயமற்ற செயல்களைப் பட்டியலிடுகிறது. இல்லாத விலைச் சலுகையை இருப்பதாகக் காட்டுவது அதில் ஒன்று. குறித்த காலத்துக்கு மட்டும் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, அது வெகுநாள் நீடிக்கும் என்று தெரிந்தே விற்பது இன்னொன்று. 'இன்று நள்ளிரவு வரை' என்று எழுதி, மறுநாள் 'மக்கள் கேட்டதால் நீட்டிப்பு' என்று போடுவதை வழக்கமாக்கினால் இந்த எல்லைக்குள் கால் வைக்கிறோம். அடித்துக் காட்டும் 'பழைய விலை'யும் நாம் உண்மையில் விற்ற விலையாக இருக்க வேண்டும், வீம்புக்கு ஏற்றி எழுதியதாக அல்ல.

விற்பனை பலித்ததா என்பதை அன்றைய வசூலில் பார்க்க முடியாது. அடுத்த இரண்டு வாரங்களில் முழு விலை விற்பனை வழக்கத்தைவிடச் சரிந்தால், புதிதாக யாரும் வரவில்லை, வரவிருந்தவர்கள்தான் முன்கூட்டியே வந்து மலிவாக வாங்கிப் போயிருக்கிறார்கள். வாங்கியோர் பட்டியலில் பெரும்பாலும் பழைய பெயர்களே இருந்தாலும் அதே கதைதான். 'அடுத்த ஆஃபர் எப்போது?' என்ற கேள்வி நேரலையில் அடிக்கடி வரத் தொடங்கினால் 109 வெள்ளியை இனி யாரும் நம்பவில்லை என்று பொருள். அந்த நிலையில் சில மாதங்களுக்குக் குறுநேர விற்பனையையே நிறுத்திவைப்பது உத்தமம்.