180 டிகிரியில் சோதித்துவிட்டு ‘வரிசை எப்படி இருந்தாலும் ஒன்றுதான்’ என்று சொல்லாதீர்கள்

‘புரட்டலும் திருப்பலும் எந்த வரிசையில் வந்தாலும் ஒன்றுதான்’ என்ற பேச்சை இந்த வருடத்தில் கேட்பது இது நான்காவது முறை. முதல் மூன்று தடவையும் பேசாமல் விட்டேன். போன வாரம் 24 அக்ரிலிக் பலகைகள் குப்பைக்குப் போன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் லேசர் பொறிப்புக்கான ஃபைல் தயார் செய்பவன். வேலை இதுதான்: 3 மில்லிமீட்டர் ஒளிபுகும் அக்ரிலிக்கில் 120 × 80 அளவில் சுவிட்ச் பலகைகள். சுவிட்சுக்கான 22 மில்லிமீட்டர் ஓட்டை ஏற்கெனவே வேறு இடத்தில் போடப்பட்டு வந்துவிட்டது. பலகையின் கீழ் இடது மூலையை ஆதிப்புள்ளியாக வைத்தால் ஓட்டையின் மையம் (100, 20). அதைச் சுற்றி ஒரு வளையமும் ‘நிறுத்து’ என்ற எழுத்தும் பொறிக்க வேண்டும். எழுத்து தேய்ந்துபோகாமல் இருக்கப் பின்பக்கத்தில் பொறிப்போம். அதனால் ஃபைலில் அது கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். பலகையை அசையாமல் பிடித்து வைக்கும் ஜிக்கில் அது நெடுக்காக உட்காரும் என்பதால் ஒரு கால் சுற்றும் உண்டு.

ஆக, ஆபரேட்டரின் கை செய்வது இரண்டு காரியம். முதலில் பலகையை நீள அச்சைப் பிடித்துக் குப்புறப் புரட்டுகிறார். அப்புறம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி திருப்புகிறார். ஃபைலும் இதையே, இதே வரிசையில் செய்ய வேண்டும். புரட்டுவதற்கான எதிரொளிப்பு அணியை M என்றும் திருப்புவதற்கான சுழற்சி அணியை R என்றும் வைத்துக்கொள்வோம்.

```python
import numpy as np
R = np.array([[0, -1], [1, 0]])
M = np.array([[1, 0], [0, -1]])
p = np.array([100, 20])
print(R @ M @ p)   # [ 20 100]
print(M @ R @ p)   # [ -20 -100]
```

‘முதலில் புரட்டு, பிறகு திருப்பு’ என்பது R M. தமிழில் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். புள்ளி வலது ஓரத்தில் நிற்கிறது. அதை ஒட்டி நிற்கும் அணிதான் அதை முதலில் தொடும். இதில் யோசிக்க வேறு எதுவும் இல்லை.

எங்கள் பையன் M R என்று எழுதிவிட்டான். வடிவம் முழுவதும் மைனஸ் பக்கம் போய்விட்டது. அங்கேயே நின்று ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. x-இல் 80, y-இல் 120 கூட்டித் தள்ளினான். பலகையின் எல்லைக்கோடு ஜிக்கில் அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும், செவ்வகம் ஆயிற்றே! வளையம் மட்டும் (20, 100)-இல் விழாமல் (60, 20)-இல் விழுந்தது. ஓட்டை ஒரு மூலையில், அதற்கான ‘நிறுத்து’ எதிர் மூலையில் தலைகீழாக. 24 பலகையும் ஒரே ஓட்டத்தில்.

கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னைக் கோபப்படுத்தியது. “மாத்திப் போட்டு செக் பண்ணேன் அண்ணா, ரெண்டும் ஒண்ணாதான் வந்துச்சு.” பொய் சொல்லவில்லை, உண்மையாகவே சோதித்திருக்கிறான். எந்தக் கோணத்தில்? 180-இல்.

இதை நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் முந்தைய மூன்று பேரும் ஏதோ ஒரு வடிவத்தில் இதையேதான் சொன்னார்கள். ஒரே தளத்தில், ஒரே ஆதிப்புள்ளியைச் சுற்றி, சுழற்சிகளை மட்டும் சேர்த்தால் வரிசை முக்கியமில்லை. 30 திருப்பிப் பிறகு 50 திருப்பினாலும், 50 திருப்பிப் பிறகு 30 திருப்பினாலும் 80 தான். இந்தப் பழக்கம் மனதில் ஊறிவிடுகிறது. இடையில் ஓர் எதிரொளிப்பு நுழைந்தவுடன் கதை மாறுகிறது. கண்ணாடிக்கு முன்னால் வலப்பக்கம் சுற்றுகிற பம்பரம் கண்ணாடிக்குள் இடப்பக்கம் சுற்றும், இல்லையா? அதேதான் இங்கும். θ கோணம் திருப்பிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டு எதிர்த்திசையில் θ திருப்புவதும் சமம். அதாவது M R(θ) = R(−θ) M.

ஆகவே வரிசை மாறினால் இரு விடைகளுக்கும் நடுவே வரும் வித்தியாசம் 2θ அளவு சுழற்சி. 5 டிகிரிக்கு 10. 30 டிகிரிக்கு 60. எங்கள் 90-க்கு 180, அதாவது பலகை தலைகீழ். 180-க்கு 360. 360 என்றால் வித்தியாசமே தெரியாது. எந்தக் கோணத்தில் பிழை தன்னைத்தானே மறைத்துக்கொள்ளுமோ, அந்தக் கோணத்தைத் தேடிப்பிடித்துச் சோதித்திருக்கிறான்.

90-உம் நல்ல சோதனை இல்லை. ஓட்டையும் எழுத்தும் ஒரே ஓட்டத்தில், வெறும் செவ்வகத்தில் வெட்டப்பட்டிருந்தால், தவறான வரிசையிலும் சரியான பலகைதான் கிடைத்திருக்கும். எடுத்து அரைச்சுற்று திருப்பி வைத்தால் போதும். இதனால்தான் பழைய வேலைகளில் யாரும் மாட்டவில்லை. ஓட்டை முன்பே இருந்தபோதுதான் குட்டு உடைந்தது. (சுடுவதற்கு முன் ஒருவர் கவனித்து ஜிக்கில் பலகைகளை அரைச்சுற்று திருப்பி வைத்திருந்தால் 24-உம் தப்பியிருக்கும். அது இன்னும் உறுத்துகிறது.)

“அணிக்கோவை பார்த்தேன், −1 வந்தது” என்றும் சிலர் சொல்கிறார்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டு அணியின் அணிக்கோவை −1 என்றால் எழுத்து கண்ணாடிப் பிம்பம், +1 என்றால் நேர் எழுத்து. ஃபைலில் ஒரு தடவை புரட்டி, மெஷின் சாஃப்ட்வேரிலும் மிரர் டிக் போட்டு வைத்திருக்கும் கூத்தை இது பிடித்துவிடும். ஆனால் சாஃப்ட்வேரின் டிக்கையும் ஓர் அணியாகக் கணக்கில் சேர்த்தால்தான் பிடிக்கும். இரண்டு புரட்டல் சேர்ந்தால் எதிரொளிப்பு போய்விடும். ஒரே அச்சில் என்றால் ஒன்றும் நடக்காதது போல் ஆகும், ஒன்று x அச்சிலும் மற்றது y அச்சிலும் என்றால் அரைச்சுற்று ஆகும். ஆனால் வரிசைப் பிழையை அணிக்கோவை காட்டிக்கொடுக்காது. R M, M R இரண்டுக்குமே −1 தான்.

சரி, என்ன செய்வது? வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், செவ்வகமும் வட்டமும் பொய் சொல்லும். எதற்கும் சமச்சீராக இல்லாத ஒரே ஒரு புள்ளியை எடுத்து, கையில் ஒரு காகிதத்தைப் புரட்டித் திருப்பி அது எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு கணக்கில் வந்த விடையோடு ஒப்பிடுங்கள். இதற்கு அரை நிமிடம் ஆகும். புதிதாக எழுதிய நிரலை 30 டிகிரியில் சோதியுங்கள். அது ரேடியன் குழப்பத்தையும் சேர்த்துக் காட்டும். SVG-இல் `transform="rotate(90) scale(1,-1)"` என்று எழுதினால் வலது பக்கத்து `scale` தான் புள்ளியை முதலில் தொடும். அங்கே y கீழ்நோக்கி வளர்வதால் `rotate(90)` திரையில் கடிகாரத் திசையில் திரும்பும் என்பதையும் மறக்காதீர்கள்.

தயவுசெய்து இன்னொன்று. வடிவம் எதிர்பாராமல் மைனஸ் பக்கம் போனால் உடனே எண்ணைக் கூட்டி உள்ளே இழுக்காதீர்கள். சரியான R M-க்கு அந்தத் தள்ளலே தேவைப்படவில்லை. புரட்டியபோது x அச்சுக்குக் கீழே போன பலகை, திருப்பியபோது தானாக மேலேறி 0 முதல் 80, 0 முதல் 120 என்று உட்கார்ந்துவிட்டது. பையன் இப்போது ஒரு அட்டையில் மூலையில் ஓட்டை போட்டு மெஷின் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான்.