சிறிய கட்டைவிரலும் குறையும் தட்டணுக்களும்

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கற்பனைச் சிறுமிதான், ஆனால் குழந்தைகளின் இரத்த நோய்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு இப்படி வரும் பிள்ளைகள் புதிதல்ல. கால்களில் அடிபடாமலே நீலத் திட்டுகள் தோன்றுகின்றன. பரிசோதித்தால் தட்டணுக்கள் 55,000 மட்டுமே இருக்கின்றன. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். குழந்தைகளில் இதற்கு மிகப் பொதுவான காரணம், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு உடலின் எதிர்ப்பணுக்கள் தன் தட்டணுக்களையே அழிப்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆகவே முதலில் எழுதப்படும் நோயின் பெயரும் அதுவாகவே இருக்கும்.

ஆனால் அதே அறிக்கையில் வேறு எண்களும் இருக்கின்றன. ஹீமோகுளோபின் 10. வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில்கள் 1,200. இரண்டுமே குறைவு. சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 103. இந்த வயதில் அது 80-களில் இருப்பதுதான் வழக்கம். எதிர்ப்பணுக்கள் தட்டணுக்களை மட்டும் அழித்தால் மற்ற எண்கள் இப்படி மாறாது. ஓராண்டுக்கு முன் வேறு எதற்கோ எடுத்த பழைய அறிக்கையைத் தேடி எடுத்தால், அப்போது தட்டணுக்கள் 1,10,000. அதாவது இது திடீர் வீழ்ச்சி இல்லை, மெல்லச் சரிந்து வந்திருக்கிறது. அணுக்கள் வெளியே அழிவதைவிட, அவற்றை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையே தளர்ந்துவருகிறது என்று சந்தேகிக்க இந்தப் பழைய தாள் போதும்.

இப்போது எண்களை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்க்க வேண்டும். வகுப்பிலேயே மிகக் குள்ளமானவள். வலது கட்டைவிரல் மெலிந்து, சற்று மேலே ஒட்டியதுபோல் இருக்கிறது. வயிற்றில் பால் கலந்த காப்பி நிறத்தில் இரண்டு மூன்று படைகள். தலைச் சுற்றளவும் வயதுக்குக் குறைவு. ஸ்கேன் எடுத்தால் ஒரே ஒரு சிறுநீரகம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. குடும்பத்தில் எல்லோருமே குள்ளம் என்றோ, விரல் பிறவியிலேயே அப்படித்தான் என்றோ சொல்லி விட்டுவிடுவார்கள். இரத்த அறிக்கையோடு சேர்த்து வைத்தால் இவையெல்லாம் ஒரே பெயரைச் சுட்டுகின்றன: ஃபான்கோனி இரத்தசோகை. 1927-இல் ஒரே குடும்பத்தின் மூன்று சகோதரர்களிடம் இதை முதலில் விவரித்தவர் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கீடோ ஃபான்கோனி.

விரலுக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? விடை டி.என்.ஏ.வில் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும் முன் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரிந்து நகலெடுக்கப்பட வேண்டும். சில வேதிப்பொருட்கள் இந்த இரு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடும். பசையால் ஒட்டிக்கொண்ட இரண்டு புத்தகப் பக்கங்களைப் போல, அந்த இடத்தில் பிரித்துப் படிக்கவும் முடியாது, இழுத்தால் கிழியும். இந்தப் பிணைப்புகள் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. நம் செல்களின் அன்றாட வேதிவினைகளிலேயே ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு போன்றவை உருவாகி இந்த வேலையைச் செய்கின்றன.

இதைச் சரிசெய்ய ஒரு புரதக் கூட்டணி உண்டு. அதற்கான இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இன்று தெரியும். நகலெடுப்பு பிணைப்பில் முட்டி நின்றதும், அந்தப் புரதங்களில் ஒரு குழு அவ்விடத்தில் கூடும். அது வேறு இரண்டு புரதங்களுக்கு ஒரு சிறு வேதி அடையாளமிடும். அந்த அடையாளத்தைப் பார்த்து வெட்டும் நொதிகள் வந்து பிணைப்பின் இருபுறமும் வெட்டி விடுவிக்கும். பிறகு அறுந்த இழை ஒட்டப்படும். ஒரு மரபணுவின் இரு பிரதிகளுமே பழுதானால் இந்த வரிசை எங்கோ ஒரு படியில் நின்றுவிடும். பெரும்பாலான குடும்பங்களில் தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள். அவர்களுக்கு அறிகுறி எதுவும் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

பழுது சேர்ந்த செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும், அல்லது இறந்துவிடும். வாழ்நாள் முழுக்க இரத்தம் தயாரிக்க வேண்டிய ஸ்டெம் செல்கள் இப்படி ஒவ்வொன்றாகக் குறைகின்றன, அதுவும் பிறப்பதற்கு முன்பே தொடங்கி. சேமிப்பு தீரும் நிலை வரும்போதுதான் அறிக்கையில் எண்கள் சரிகின்றன. பலருக்கு அது ஏழெட்டு வயதில் வெளிப்படுகிறது. கருவில் கை, விரல், சிறுநீரகம் உருவாகும் வாரங்களில் செல்கள் மிக வேகமாகப் பெருக வேண்டியிருக்கும். அங்கே ஏற்படும் இழப்புதான் பிறவி மாற்றங்களாகத் தெரிகிறது என்று கருதப்படுகிறது. ஆனால் உடலில் எந்த மாற்றமும் இல்லாத பிள்ளைகளும் கணிசமாக உண்டு. ஆகவே கட்டைவிரல் சரியாக இருக்கிறது என்பதை வைத்து இந்த நோய் இல்லை என்று முடிவு செய்வதை நான் ஆபத்தாகவே பார்க்கிறேன்.

உறுதிசெய்யும் சோதனை இந்தக் குறையையே நேரடியாகச் சோதிக்கிறது. குழந்தையின் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை வளர்த்து, இழைகளைக் குறுக்கே பிணைக்கும் டைஎபாக்சிபியூட்டேன் அல்லது மைட்டோமைசின்-சி என்ற பொருளைச் சேர்ப்பார்கள். சில நாட்களுக்குப் பிறகு, பிரியும் நிலையிலுள்ள செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான செல்களில் முறிவு அரிது. ஃபான்கோனி செல்களில் குரோமோசோம்கள் பல இடங்களில் உடைந்து, முறிந்த துண்டுகள் தவறாக ஒட்டி, நாலாபுறமும் கை நீட்டிய நட்சத்திர வடிவங்களாக நிற்கும்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சில பிள்ளைகளிடம் ஒரு ஸ்டெம் செல்லில் தற்செயலாகப் பழுது திருந்திவிடும். அதன் வாரிசுகள் மற்றவற்றைவிட நன்றாகப் பெருகி இரத்தத்தை நிரப்பும். அப்போது இரத்தச் சோதனை சாதாரணமாகவோ அரைகுறையாகவோ வரும். சந்தேகம் வலுவாக இருந்தால் தோலிலிருந்து செல் எடுத்து அதே சோதனையைச் செய்ய வேண்டும். மரபணுச் சோதனையும் துணைக்கு வரும். இதே போல மஜ்ஜை தளரும் டைமண்ட்-பிளாக்ஃபேன், ஷ்வாக்மன்-டைமண்ட் போன்ற நோய்களையும் அதிலேயே பிரித்தறியலாம்.

பெயரை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் சிகிச்சை. மஜ்ஜை செயலிழந்த பிற குழந்தைகளுக்கு மாற்று மஜ்ஜை செலுத்தும் முன், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மொத்தம் 200 மில்லிகிராம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுப்பது பழைய வழக்கம். அந்த மருந்தும் டி.என்.ஏ. இழைகளைப் பிணைக்கும் வகைதான். ஃபான்கோனி குழந்தைக்கு அந்த அளவு உயிருக்கே உலையாகும். பாரிஸில் எலியான் குளுக்மன் குழு 1980-களில் இதைக் கண்டு அளவை 20 முதல் 40 மில்லிகிராமாகக் குறைத்த பிறகுதான் இந்தப் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். உலகின் முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றும் 1988-இல் அதே குழுவால் ஒரு ஃபான்கோனி சிறுவனுக்கே செய்யப்பட்டது. நம் சிறுமிக்கும் மாற்றுக்கான ஏற்பாடுகளுக்கு முன்பே முறிவுச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

அதே சோதனையை மஜ்ஜை தரப்போகும் அண்ணனுக்கும் செய்ய வேண்டும். திசு முழுமையாகப் பொருந்தி, அவன் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அவனுக்கும் இந்த நோய் வெளியே தெரியாமல் இருந்தால், சிறுமிக்குப் போவது அதே பழுதுள்ள ஸ்டெம் செல்கள்.

மாற்று வெற்றி பெற்றால் புதிய இரத்தம் கிடைக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாயின் செல்களில் பழுது அப்படியேதான் இருக்கும், அவ்விடங்களில் புற்று மிக இளவயதிலேயே வரக்கூடும். அதனால் பத்து வயதையொட்டியே வாயை ஆறு மாதத்துக்கொரு முறை பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆறாத சிறு வெண்படையைக்கூட விடாமல் சோதிக்கிறார்கள். புற்றை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். கதிர்வீச்சும் டி.என்.ஏ.வைப் பழுதாக்கும் என்பதால் எக்ஸ்-ரேயும் சி.டி. ஸ்கேனும் உண்மையிலேயே தேவைப்படும்போது மட்டும்தான் எடுக்கிறார்கள்.