பழைய லேத்தின் விலை எது?

நான்கு ஆண்டுகளுக்கு முன் 1000 கொடுத்து ஒரு லேத் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்குச் சமமாகத் தேய்மானம் எழுதியதால் கணக்குப் புத்தகத்தில் இன்னும் 600 நிற்கிறது. இன்று விற்கப் போனால் 250தான் கிடைக்கும். புதிய லேத்தின் விலை 900. மாற்றலாமா?

போட்ட 1000, மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் திரும்பப் போவதில்லை. இதுதான் மூழ்கிய செலவு. போன மாதம் பேரிங் மாற்றக் கொடுத்த பணமும் இதில்தான் சேரும். ஆனால் அடுத்த மாதம் செய்தாக வேண்டிய பழுது மூழ்கியதல்ல. லேத்தை விற்றுவிட்டால் அந்தச் செலவே வராது.

பழையதை இன்னும் ஓராண்டு ஓட்ட என்ன ஆகும்? மின்சாரம், பழுது, கழிவாகும் பொருள் எல்லாம் சேர்த்து 180. இன்று 250க்குப் போகும் லேத் அடுத்த ஆண்டு 150தான் பெறும். அதில் 100 போகிறது. விற்றிருந்தால் கையில் இருந்திருக்கும் 250 வேறு இடத்தில் 10% ஈட்டியிருக்கும், அது 25. இந்த 100, 25 இரண்டுக்கும் யாரும் பில் தருவதில்லை. விற்காமல் வைத்திருப்பதால் கைவிட்டுப்போகும் இதுவே வாய்ப்புச் செலவு. மொத்தம் 305.

புதியது 8 ஆண்டு உழைத்து, முடிவில் 100க்கு விலைபோகும் என்றால், முதலீட்டை வட்டியோடு ஆண்டுத் தவணையாக்க விரிதாளில் இதை அடித்தால் போதும்:

```
=PMT(10%,8,-900,100)
```

விடை ஏறத்தாழ 160. ஓட்டும் செலவு 90 சேர்த்தால் 250. மாற்றுவதில் ஆண்டுக்கு 55 மிச்சம்.

இங்கே வழக்கமாக இரண்டு பிசகு நடக்கும். ஒன்று, புத்தகத்தில் உள்ள 600க்கும் சந்தை தரும் 250க்கும் இடையிலான 350ஐ 'நஷ்டம்' என்று புதிய லேத்தின் விலையில் ஏற்றிவிடுவது. விலை 1250 ஆகி, ஆண்டுச் செலவு 316ஆகத் தெரியும். பழையதே மலிவு என்று தோன்றிவிடும். அந்த 350 எப்போதோ போய்விட்டது, இன்றுதான் ஏட்டில் தெரிகிறது. இரண்டாவது, 'இதற்குத்தான் எப்போதோ பணம் கட்டியாச்சே' என்று 180ஐ மட்டும் புதியதன் ஆண்டுச் செலவான 250ஓடு ஒப்பிடுவது. பிசகு வேறு வேறானாலும், இரண்டும் பழைய லேத்தின் பக்கமே சாய்கின்றன.

இன்னொன்றும் உண்டு: பழைய லேத்தை வாங்க ஆளே இல்லையென்றால் 100, 25 சேர்ந்த அந்த 125 மறைந்துவிடும். அப்போது 180க்கு எதிரே 250. பழையதை ஓட்டுவதே சரி. ஆகவே முதல் வேலை, விலைப்பட்டியலைப் பார்ப்பதல்ல, பழையதை எடுத்துக்கொள்ள இரண்டு பேரிடமாவது விலை கேட்பது.

புத்தக மதிப்பு உண்மையில் கணக்கில் வருவது வரி வழியாக மட்டுமே. விற்பனை நஷ்டத்தை வரியில் கழிக்க விதி இடம் தந்தால், மிச்சமாகும் வரி கைக்கு வரும் பணம். அதைப் பழையதை விற்றால் கிடைக்கும் 250ஓடு சேர்க்க வேண்டும்.

இந்த ஓராண்டு ஒப்பீடு, பழையதன் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறும்போதுதான் செல்லும். பெரிய பழுது ஒன்றைப் பார்த்துவிட்டால் அடுத்த மூன்றாண்டு நிம்மதி என்றால், அந்தச் செலவு முழுவதையும் ஓராண்டின் தலையில் கட்டாமல், மூன்றாண்டுக்குமான சராசரியை வட்டியோடு எடுத்துத்தான் புதியதன் ஆண்டுச் செலவான 250ஓடு ஒப்பிட வேண்டும்.