கத்தி காற்றை வெட்டும் நேரம்

லேத்தில் ஒரு தண்டைக் கடைய எத்தனை வினாடி ஆகும் என்பதைக் காகிதத்திலேயே சொல்லிவிடலாம். அதற்குச் சூத்திரம் இருக்கிறது. ஆனால் அதை மனப்பாடம் செய்தவர்களைவிட, சுற்றுகளை எண்ணத் தெரிந்தவர்கள் குறைவாகவே தவறு செய்கிறார்கள். எனவே சுற்றுகளிலிருந்தே தொடங்குவோம்.

தண்டு சுழல்கிறது, கத்தி அதன் நீளவாக்கில் மெல்ல நகர்கிறது. தண்டு ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் கத்தி நகரும் தூரம்தான் ஊட்டம். பட்டறையில் ‘ஃபீட்’ என்பார்கள். ஊட்டம் 0.25 மி.மீ. என்றால், கத்தியின் முனை தண்டின்மேல் 0.25 மி.மீ. இடைவெளியில் ஒரு நுண்ணிய திருகுமரையைக் கீறிக்கொண்டே போகிறது என்று பொருள். 40 மி.மீ. நீளத்தில் இப்படி எத்தனை சுற்று அடங்கும்? 40-ஐ 0.25-ஆல் வகுத்தால் 160. தண்டைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், 160 சுற்றுக்கு 0.16 நிமிடம், அதாவது 9.6 வினாடி. கணக்கு இவ்வளவுதான். தண்டின் விட்டம் இதில் நேரடியாக எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்டின் மேற்பரப்பு கத்தியைக் கடக்கும் வேகமான வெட்டு வேகத்துக்கு ஏற்ப ஸ்பிண்டிலின் சுற்று வேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே விட்டம் தேவைப்படுகிறது.

இதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கத்தி, தண்டின் முகத்தைத் தொட்டபடி தன் பயணத்தைத் தொடங்குவதில்லை. கத்தியை வெகுவிரைவாக, ‘ரேபிட்’ ஓட்டத்தில், தண்டின் அருகே கொண்டுவந்து சில மி.மீ. முன்னதாகவே நிறுத்துகிறார்கள், அங்கிருந்து ஊட்ட வேகத்தில் நகர்ந்துதான் அது உலோகத்தைச் சந்திக்கிறது. இந்த இடைவெளியே அணுகு தூரம். அந்தத் தூரத்தில் கத்தி காற்றை வெட்டுகிறது என்றாலும், தண்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே சூத்திரம் இப்படி ஆகிறது:

```
T = (L + a) × 60 / (f × N)
```

T வினாடியில், L வெட்டு நீளம், a அணுகு தூரம், f ஒரு சுற்றுக்கான ஊட்டம், N நிமிடத்துக்கான சுற்று. 60-ஆல் பெருக்குவதை மறந்தால் விடை நிமிடத்தில் கிடைக்கும். அப்போது 0.36 நிமிடத்தை 36 வினாடி என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது 21.6 வினாடி.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 60 மி.மீ. விட்டமுள்ள மென்எஃகுத் தண்டின் முனையில், 40 மி.மீ. நீளத்துக்கு விட்டத்தை 52 மி.மீ. ஆக்க வேண்டும். கார்பைடு கத்தி. முதலில் இரண்டு முரட்டு வெட்டு: 60-லிருந்து 56.5, பிறகு 53. கடைசியில் ஒரு நேர்த்தி வெட்டு: 53-லிருந்து 52. முரட்டு வெட்டுகளுக்கு ஊட்டம் 0.25, சுற்று 1000. நேர்த்தி வெட்டுக்கு ஊட்டம் 0.1, சுற்று 1200. அணுகு தூரம் எல்லாவற்றுக்கும் 3 மி.மீ. வெட்டு, விட்டம் மாறும் படியோடு நின்றுவிடுவதால், மறுபக்கம் கத்தி வெளியேறக் கூடுதல் தூரம் தேவையில்லை. தண்டின் முழு நீளத்தையும் கடைந்திருந்தால் அதையும் சேர்த்திருக்க வேண்டும்.

முரட்டு வெட்டு ஒன்றுக்கு 43-ஐ 0.25-ஆல் வகுத்தால் 172 சுற்று, அதாவது 10.3 வினாடி. இரண்டுக்கும் சேர்த்து 20.6. நேர்த்தி வெட்டுக்கு 430 சுற்று, 21.5 வினாடி. இரண்டு முரட்டு வெட்டுகளும் சேர்ந்து அரித்த உலோகத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத்தான் நேர்த்தி வெட்டு எடுக்கிறது. ஆனால் அவை இரண்டும் சேர்ந்து எடுத்த நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொள்கிறது. நேரம் ஆழத்தைப் பார்ப்பதில்லை, சுற்றுகளைத்தான் பார்க்கிறது.

மொத்தம் 42.1 வினாடி. இதில் காற்றை வெட்டியது எவ்வளவு? முரட்டு வெட்டில் 3 மி.மீ. என்பது 12 சுற்று, 0.72 வினாடி. நேர்த்தி வெட்டில் அதே 3 மி.மீ. 30 சுற்று, 1.5 வினாடி. மூன்றும் சேர்ந்து 2.94 வினாடி, அதாவது மொத்த நேரத்தில் 7 விழுக்காடு. அணுகு தூரம் ஒன்றாக இருந்தாலும், ஊட்டம் குறையக் குறைய அதன் விலை ஏறுகிறது. குறைக்க வேண்டுமென்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் நேர்த்தி வெட்டுதான். அங்கே 3-ஐ 1 ஆக்கினால் 20 சுற்று மிச்சமாகும். துல்லியமாக ஒரு வினாடி. ஆயிரம் தண்டுக்கு அது கிட்டத்தட்ட 17 நிமிடம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் 1 மி.மீ. போட்டுவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அறுத்தெடுத்த தண்டின் முகம் சமமாக இருக்காது. ஒரு தண்டுக்கும் அடுத்ததற்கும் நீளமும் சற்று மாறும். முகத்தைக் கடைந்து சமமாக்கிய பிறகுதான் அது எங்கே இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியும்.

கத்தியின் வடிவமும் பார்க்க வேண்டியது. வெட்டும் விளிம்பு தண்டின் அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால், முனையும் விளிம்பும் ஒன்றாக வந்து சேரும். விளிம்பு 45 பாகை சாய்ந்திருந்தால், அதன் வெளிப்பகுதி முனைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஆழம் வெட்டுகிறோமோ அவ்வளவு தூரம். நம் முரட்டு வெட்டின் ஆழம் 1.75 மி.மீ. எனவே முனை இன்னும் 1 மி.மீ. தள்ளி நிற்கும்போதே, விளிம்பு தண்டுக்குள் 0.75 மி.மீ. புகுந்திருக்கும், அதுவும் ரேபிட் ஓட்டத்தில். கத்தி உடைய அது போதும். இத்தகைய கத்திக்கு, வெட்டின் ஆழத்தை அணுகு தூரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மரை வெட்டும்போது இன்னும் தாராளமாக விட வேண்டும். அங்கே கத்தி ஒரு சுற்றுக்கு ஒரு மரை இடைவெளி நகர்வதால், அந்த வேகத்தை எட்டுவதற்குள் உலோகத்தைத் தொட்டால் முதல் சில மரைகளின் இடைவெளி பிசகிவிடும்.

கணக்கு 42 வினாடி சொல்ல, கடிகாரம் 50 காட்டினால்? ஒவ்வொரு வெட்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எல்லா வெட்டும் ஒரே விகிதத்தில் நீண்டிருந்தால், ஊட்டத்தையோ சுற்றையோ குறைக்கும் குமிழை யாரோ 100 விழுக்காட்டுக்குக் கீழே திருப்பி வைத்திருக்கிறார்கள். சுற்றைக் குறைத்தாலும் நேரம் நீளும், ஏனெனில் ஊட்டம் சுற்றோடு கட்டுண்டது. வெட்டுகள் கணக்குப்படி இருந்து மொத்தம் மட்டும் கூடியிருந்தால், கத்தி மாற்றம், திரும்பும் ஓட்டம், ஸ்பிண்டில் வேகம் ஏறும் நேரம் ஆகியவற்றில்தான் வித்தியாசம் இருக்கிறது. அவை இந்தச் சூத்திரத்துக்கு வெளியே தனியாகக் கூட்ட வேண்டியவை. கத்தி நகராமலே நிற்பதுபோல் தெரிந்தால் வேறு கதை: ஊட்டத்தைச் சுற்றுக்கு என்று எழுதிவிட்டு, இயந்திரத்தை நிமிடத்துக்கு என்ற முறையில் விட்டிருப்பார்கள். 43 மி.மீ.-ஐ நிமிடத்துக்கு 0.25 வீதம் கடக்க 172 நிமிடம் ஆகும்.

காற்று வெட்டைக் குறைப்பதைவிடப் பெரிய மிச்சம் நேர்த்தி ஊட்டத்திலேயே இருக்கிறது. 0.1-ஐ 0.12 ஆக்கினால் 430 சுற்று 358 ஆகிறது, 21.5 வினாடி 17.9 ஆகிறது. மூன்று வெட்டுகளின் அணுகு தூரத்தையும் ஒழித்தாலும் இவ்வளவு கிடைக்காது. ஆனால் கத்தி விட்டுச்செல்லும் மரையின் உயரம் ஊட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முனையின் ஆரம் 0.8 மி.மீ. என்றால், கோட்பாட்டளவில் அந்த உயரம் 1.6 மைக்ரானிலிருந்து 2.25 மைக்ரானாக ஏறும். வரைபடம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை மாற்ற வேண்டும்.