விமானத்துக்குள் குற்றம் நடந்தால் எந்த நாட்டுச் சட்டம்? வாலில் உள்ள எழுத்தை வாசிக்கும் முறை

மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வரும் பெண்ணின் கைப்பையிலிருந்து நகை களவு போகிறது. அல்லது பக்கத்து இருக்கைக்காரன் இருட்டில் கை வைக்கிறான். கட்டுநாயக்கவில் இறங்கிச் சொன்னால் "அது வெளிநாட்டு விமானம், இங்கே எழுத ஏலாது" என்று ஒரு மேசை சொல்லும். யாழ்ப்பாணம் வந்து சொன்னால் "விமான நிலையப் பொலிஸிட்டைப் போங்கோ" என்று இன்னொரு மேசை சொல்லும். நிறுவனத்துக்கு எழுதினால் "பொலிஸ் அறிக்கை அனுப்புங்கள்" என்று பதில் வரும். இந்த மூன்று பேரும் உங்களைத் திருப்பி அனுப்புவதற்கு வசதியாக இருப்பது, எந்த நாட்டு விமானம் என்று உங்களிடம் எழுத்தில் இல்லாததுதான்.

சட்டம் சுருக்கமானது. 1944 சிக்காகோ உடன்படிக்கையின்படி ஒரு விமானம் எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு உரியது. ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவு இருக்க முடியாது. 1963 டோக்கியோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, பறக்கும்போது உள்ளே நடக்கும் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரத்தைப் பதிவு நாட்டுக்குக் கொடுக்கிறது. பறப்பது என்றால் மேலெழுவதற்காக இயந்திரத்துக்கு வலுக் கொடுத்த நேரம் முதல், இறங்கி ஓடுபாதையில் ஓடி முடியும் வரை. அதற்கு முன்னும் பின்னும் நடந்தால் எந்த நாட்டுத் தரையில் நிற்கிறதோ அந்த நாட்டுப் பொலிஸின் விடயம். ஆகவே நடந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். "விமானத்தில் வரும்போது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் முறைப்பாடு அங்கேயே படுத்துவிடும்.

பதிவு நாட்டைச் சொல்வது பதிவிலக்கத்தின் முதற்பகுதி. பயணச்சீட்டில் உள்ள விமான சேவை இலக்கம் வேறு, இது வேறு. மிக அதிகமானவர்கள் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற இண்டிகோவின் சீட்டில் 6E என்று இருக்கும். அது நிறுவனத்தின் குறி, எந்த நாட்டையும் குறிக்காது. அந்த விமானத்தின் உடலிலோ VT என்று தொடங்கும் எழுத்து இருக்கும். இந்தியப் பதிவு என்று அர்த்தம். பலாலி விமான நிலையத்தின் குறியான VCCJ-ஐ விமானத்தின் பதிவிலக்கம் என்று எழுதிக் கொடுப்பதும் வீண். இலங்கைப் பதிவு 4R என்று தொடங்கும்.

எழுத்து இருக்கும் இடம்: வாலுக்கும் இறக்கைக்கும் இடையிலான உடற்பகுதி, அல்லது நிமிர்ந்த வாலின் மேற்பாதி. அங்கே குறைந்தது 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். இடது இறக்கையின் அடிப்பக்கத்தில் 50 சென்ரிமீற்றர். முன்சக்கரக் கதவில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் எழுதியிருக்கும் விமானங்கள் நிறைய. அதைப் படமெடுத்து வந்தால் நாடு தெரியாது. ஏறும்போது வால் கண்ணில் படாவிட்டால், பஸ்ஸில் போகிறபோதோ இறங்கி நடக்கிறபோதோ கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வாசிப்பது இப்படி: சிறு கோடு வரும் வரை உள்ளதை முழுதாக எடுங்கள். முதல் எழுத்தை மட்டும் பார்த்தால் தவறு வரும். 9V சிங்கப்பூர், 9M மலேசியா, 9K குவைத், 9H மால்டா. நான்கும் 9இல் தொடங்கினாலும் நான்கும் வேறு நாடுகள். A6 ஐக்கிய அரபு அமீரகம், A7 கட்டார், HZ சவூதி அரேபியா, 8Q மாலைதீவு. புலம்பெயர்ந்த உறவுகள் வந்துபோகும் பக்கம் G பிரித்தானியா, F பிரான்ஸ், D ஜேர்மனி, HB சுவிஸ், C கனடா. D2 என்று இருந்தால் அங்கோலா, ஜேர்மனி அல்ல. N என்ற எழுத்துக்குப் பின் கோடு இல்லாமல் நேரே இலக்கம் வந்தால் அமெரிக்கா.

பலாலி விமானப்படைத் தளமாகவும் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: இராணுவ விமானங்களுக்கு இந்த முறை பொருந்தாது. CR-880 போன்ற இலக்கத்தைப் பார்த்து நாட்டைத் தேட வேண்டாம். அது இலங்கை விமானப்படையின் சொந்த இலக்கம்.

இனி ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். டோஹாவிலிருந்து கொழும்புக்கு ஒரு பெண் வருகிறார். சீட்டில் வளைகுடா நிறுவனம் ஒன்றின் பெயர். மேலெழுந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, அரபிக் கடலுக்கு மேலே, பையிலிருந்து சங்கிலி போகிறது. வாலில் உள்ள நிறுவனச் சின்னத்தைப் பார்த்து "கட்டார் விமானம்" என்று எழுதிக் கொடுக்கிறார். ஆனால் உடலில் உள்ள பதிவு 9H என்று தொடங்குகிறது. அந்த நிறுவனம் தன் விமானம் போதாமல், மால்டாவில் பதிவான விமானத்தைப் பணியாளரோடு சேர்த்து வாடகைக்கு எடுத்திருக்கிறது. 3ஆம் உறுப்புரையின் அதிகாரம் மால்டாவுக்கு. கட்டார் தூதரகத்துக்கு அனுப்பிய கடிதம் "எமது விமானம் அல்ல" என்று திரும்பி வரும். அதற்குள் பணியாளர் வேறு சேவைக்கு மாறியிருப்பர், சாட்சிகள் ஊர் ஊராகப் பிரிந்திருப்பர்.

வாடகை விமானம் என்று முன்கூட்டியே சந்தேகிக்க இரண்டு அடையாளம் உண்டு. சீட்டிலோ ஏறும் அட்டையிலோ "Operated by" என்று வேறு பெயர் இருக்கும். இருக்கைப் பையில் உள்ள பாதுகாப்பு அட்டையிலும் அந்தப் பெயர் இருக்கலாம். அந்த அட்டையைப் படமெடுங்கள். சொந்தக்காரர் யார் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அயர்லாந்து நிறுவனத்துக்குச் சொந்தமான விமானம் இந்தியாவில் VT என்று பதிவாகிப் பறப்பது சாதாரணம். கேள்வி பதிவு எங்கே என்பது மட்டுமே.

"வெளிநாட்டு விமானம், எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று மேசையில் இருப்பவர் சொன்னால் எழும்பிப் போய்விட வேண்டாம். அதே டோக்கியோ உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை, பாதிக்கப்பட்டவரோ குற்றம் செய்தவரோ தன் நாட்டுப் பிரசையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருந்தால் பதிவு நாடு அல்லாத நாடும் தலையிடலாம் என்கிறது. அதன் பெயரையும் உறுப்புரை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். ஏற்க மறுத்தால், மறுத்தவரின் பதவியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, முறைப்பாட்டை எழுத்தில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன், விமானத்திலேயே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். கடுமையான குற்றம் என்று தலைமை விமானி கருதினால், இறங்கும் நாட்டு அதிகாரிகளிடம் ஆளை ஒப்படைக்க 9ஆம் உறுப்புரை அவருக்கு இடம் கொடுக்கிறது. கதவு திறந்து எல்லோரும் இறங்கிய பின் சொன்னால் அந்த ஆள் கூட்டத்தில் கலந்து போய்விடுவான்.

படம் எடுக்கத் தவறியவர்கள், விமானங்களைப் பின்தொடரும் இணையத்தளங்களில் சேவை இலக்கத்தையும் திகதியையும் கொடுத்தால் அன்றைக்கு வந்த விமானத்தின் பதிவிலக்கம் கிடைக்கும். இலவசமாகப் பார்க்க முடிவது அண்மைய நாள்களை மட்டும்தான். அதனால் வீட்டுக்கு வந்த அன்றே பார்த்து, திரையைப் படமெடுத்து வையுங்கள். முறைப்பாட்டின் முதல் வரியில் திகதி, சேவை இலக்கம், பதிவிலக்கம், பதிவு நாடு, நடந்த நேரம் ஆகிய ஐந்தும் இருக்கட்டும்.