பணம் வரவில்லை என்று கிளையண்டுக்கு எழுதும் முன்

போன வாரம் ஒரு தம்பி போனை நீட்டினார். வெப்சைட் செய்து கொடுத்து 850 டாலருக்கு பில் அனுப்பியிருக்கிறார். மெல்போர்னில் இருக்கும் கிளையண்ட் கார்டில் கட்டிவிட்டார். பேமெண்ட் தளம் சரிபார்ப்புக்காகப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. இவர் உடனே எழுதிய கடிதம்: "பணம் வரவில்லை. இதை ரத்து செய்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்." அவரும் நல்ல மனதோடு கார்டு வங்கியில் புகார் கொடுத்துவிட்டார். இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது கேஸ் இது. ஒரு ஆடிட்டர் எத்தனை முறைதான் சொல்வது?

உங்களுக்கு வரவில்லை என்றால் அவர் கட்டவில்லை என்று அர்த்தமில்லை. அவர் கார்டில் பணம் கழிந்தாயிற்று. அவர் பக்கம் 'முடிந்தது' என்றுதான் காட்டும். தளம் சந்தேகப்படுவது உங்களை, அவரை அல்ல. மறுபடி அனுப்பினால் அதுவும் அதே கணக்கில் வந்து அதே இடத்தில்தான் நிற்கும். புகார் போய்விட்டால் இன்னும் மோசம்: உங்கள் ஆவணங்கள் எல்லாம் சரியாகிவிட்டாலும், புகார் முடியும்வரை பணம் நகராது.

பெரும்பாலும் சிக்கல் நம் இனிஷியலில்தான். இந்தத் தம்பிக்கு வங்கிக் கணக்கில் 'க. சுரேஷ்', பான் கார்டில் 'கந்தசாமி சுரேஷ்', தளத்தில் அவர் வைத்த கடைப் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? பில்லிலோ 'வேலைக்கான கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது. என்ன வேலை?

கிளையண்டுக்கு எழுத வேண்டியது நாலே விஷயம். உங்கள் பணம் வந்துவிட்டது, தளம் என் ஆவணங்களைச் சரிபார்க்கிறது. தயவுசெய்து ரத்து செய்யவோ, புகார் கொடுக்கவோ, திரும்ப அனுப்பவோ வேண்டாம். பில்லை வேலை விவரத்தோடு திருத்தி இணைத்திருக்கிறேன். தளம் உங்களைக் கேட்டால் அதையே காட்டுங்கள். ஆவணங்களை இன்ன தேதியில் கொடுத்தேன், பதில் வந்ததும் எழுதுகிறேன். தேதி முக்கியம். "சீக்கிரம் வரும்" என்று எழுதினால் மூன்றாம் நாளே அவருக்குப் பயம் வந்துவிடும்.

'நண்பருக்கு அன்பளிப்பு' என்று போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள், சாமி! அப்புறம் அது ஏற்றுமதி வருமானம் என்று ஜிஎஸ்டியில் காட்ட என்னிடம் வந்து நிற்பீர்கள். சரிபார்ப்புக் கேட்டு வரும் மெயிலில் உள்ள லிங்க்கையும் அழுத்தாதீர்கள். தளத்துக்குள் நேராக லாகின் செய்து அங்கேயே ஆவணத்தை ஏற்றுங்கள். பணம் வந்ததும், வெளிநாட்டுப் பணம் பெற்றதற்கான சான்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பெயரைப் பான் கார்டில் உள்ளபடி மாற்றிவிட்டார். கிளையண்டுக்கு இரண்டாவது கடிதமும் போய்விட்டது. புகாரை வாபஸ் வாங்குவதாக அவர் பதில் எழுதியிருக்கிறார், ஆனால் அவருடைய வங்கி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 850 டாலர் அங்கேயேதான் நிற்கிறது.