போஸ்டரில் தேதி எங்கே?

ஒரு நாடகக் குழுவுக்காக ஏ3 அளவில் போஸ்டர் செய்தேன். நாடகத்தின் பெயர் 130 பாயின்ட், அதன் கீழே தாளின் பாதியை அடைக்கும் நடிகரின் முகம், அடியில் நான்கு லோகோ. தேதியும் அரங்கமும் லோகோக்களுக்கு மேலே 18 பாயின்டில், ஆரஞ்சுப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக இருந்தன. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒட்டிய மறுநாளே குழுவினருக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே கேள்வி: "நாடகம் என்னைக்கு, எங்க?" இரண்டும் போஸ்டரிலேயே இருந்தன. தவறு என்னுடையது. மறு அச்சுக்கு முன் அதே போஸ்டரை வைத்து நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்கேலை எடுத்து அளந்தேன். 18 பாயின்டில் ஓர் எண்ணின் உயரம் சுமார் நாலரை மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நின்று சிரமமில்லாமல் படிக்க எழுத்து 25 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் என் தேதியை அரை மீட்டரில் வந்து நின்றால்தான் வசதியாகப் படிக்கலாம். நடந்துகொண்டே பார்ப்பவர் அவ்வளவு கிட்ட வரமாட்டார். பாயின்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பாயின்டில் ஒரு ஃபான்டின் எழுத்து பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் இருக்கும். அச்சில் எடுத்து மில்லிமீட்டரில் அளப்பதுதான் சரி.

அடுத்து, டிசைனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். தேதி வரி காணாமலே போய்விட்டது! மஞ்சளும் ஆரஞ்சும் வேறு வேறு நிறம்தான், ஆனால் அவற்றின் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்று. தூரத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த வெளிச்ச வித்தியாசம்தான். தேதிப் பகுதியின் பின்னணியை அடர் நீலமாக்கி, எழுத்தை வெள்ளையாக்கினேன்.

ஆங்கிலத்தில் இருப்பதுபோலக் கேப்பிட்டல் எழுத்து என்று தமிழில் தனி வடிவம் கிடையாது. அதனால் முக்கியத்துவத்தை அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவற்றால்தான் காட்ட முடியும். தடிமனிலும் எச்சரிக்கை வேண்டும். மிகத் தடித்த ஃபான்டில் ண, ன போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டு, தூரத்தில் இரண்டும் ஒரே திட்டாகத் தெரியும். எண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எனவே தேதியின் எண்ணையே தூணாக நிறுத்தினேன். "14" மட்டும் 200 பாயின்டில், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரம். அதன் பக்கத்தில் 40 பாயின்டில் மூன்று வரி: செப்டம்பர், ஞாயிறு, மாலை 6 மணி. "ஞாயிற்றுக்கிழமை" என்று முழுதாக எழுதினால் அகலம் முழுவதையும் அதுவே தின்றுவிடும், "ஞாயிறு" போதும். எண் ஆளை நிறுத்தும், மீதியை அவர் இரண்டடி கிட்ட வந்து படித்துக்கொள்வார்.

இடத்தையும் இரண்டாகப் பிரித்தேன். "நூலக அரங்கம்" 72 பாயின்டில், தேதிக்கு நேர் கீழே, அதே இடது விளிம்பில். தெருப் பெயரும் தளமும் 20 பாயின்டில் அதன் அடியில். என்று, எங்கே என்ற இரண்டும் ஒட்டி நின்றால் கண் ஒரே மூச்சில் படித்துவிடும். தாளின் இரு மூலைகளில் வைத்தால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடும். இந்தத் தொகுப்பைச் சுற்றி நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் வெறுமையாக விட்டேன். அதற்காக முகத்தைச் சிறிதாக்கி, லோகோக்களை ஒரே நிறத்தில் ஒரு வரியாக்கினேன்.

இங்கேதான் இயக்குநர், "அப்ப நாடகத்தோட பேரையும் பெருசாக்குங்க, விருந்தினர் பேரையும் பெருசாக்குங்க" என்றார். எல்லாம் பெரிதானால் எதுவும் பெரிதில்லை. ஒன்றை எடுப்பாகக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதைக் குறைத்தாக வேண்டும். நாடகப் பெயரை 36 பாயின்டுக்கு இறக்கினேன்.

சோதனைக்கு அச்சை எடுத்துச் சுவரில் ஒட்டி, விஷயம் தெரியாத ஒருவரை மூன்று மீட்டரில் நிறுத்தி, மூன்று விநாடி காட்டிவிட்டு மூடினேன். கைபேசியிலும் பார்த்தேன்: அங்கே ஏ3 ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, "14" ஒரு சென்டிமீட்டரில் தெளிவாக நின்றது. சுவரைப் பார்த்தவர் சொன்னது: "பதினாலு, ஞாயிறு, நூலக அரங்கம். ஆனா என்ன நிகழ்ச்சின்னு தெரியலையே."

நாடகப் பெயரைக் குறைத்ததில் எல்லை தாண்டியிருந்தேன். அதை 54 பாயின்டுக்கு ஏற்றி, முகத்துக்குக் கீழே "நாடகம்" என்ற சொல்லையும் சேர்த்தேன். வேறொருவரை நிறுத்திக் கேட்டபோது தேதி, அரங்கம், நாடகம் மூன்றும் அந்த வரிசையிலேயே வந்தன. அந்த ப்ரூஃபைத்தான் அச்சுக்கு அனுப்பினோம்.